மணநிலை என்னும் கட்டம்

காரைக்கால் கடைத்தெருவில் ‘பெண்கள் தேவை’ என்று ஒட்டுகிறவர்கள் புகைப்படம், வயது, மணநிலை மூன்றையும் கேட்கும்போது, ஒரு சின்னப் பொய் போதும் என்று தோன்றும்.

அந்தப் பொய் யார் கைக்குப் போகும் என்பதை நீரா மாத்தூர் வழக்கு காட்டியது. 1989இல் எல்.ஐ.சி. அவரிடம் வாங்கிய படிவம் கடைசி மாதவிலக்குத் தேதிவரை கேட்டது. (மருத்துவர் பரிசோதித்துத் தகுதி சொன்ன பிறகுதான் வேலை கொடுத்தார்கள்!) பேறுகால விடுப்பில் இருந்தவரை நீக்கிவிட்டு, அந்தத் தேதியைப் பொய்யாக எழுதினார் என்று நிர்வாகம் வழக்கில் காரணம் சொன்னது. 1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. அத்தகைய கேள்விகளை நீக்குவதே நல்லது என்றது. ஆனால் எல்.ஐ.சி. அரசு நிறுவனம். தனியார் கடையிடம் அத்தீர்ப்பை அப்படியே நீட்ட முடியாது.

ஆகவே விண்ணப்பத்தில் படிப்பையும் அனுபவத்தையும் முதலில் எழுதுங்கள். வயதுக்கு, ‘18 நிறைந்தது’. மணநிலைக்கு, ‘சொன்ன நேரத்துக்கு வேலைக்கு வர இயலும், சொந்த விவரங்களைச் சேரும்போது தருகிறேன்’. பெரும்பாலும் அவர்களுடைய சந்தேகமே அந்த நேரம்தான். படத்தை நேர்காணலுக்குக் கொண்டுவருவதாகச் சொல்லலாம். அரசுத் தேர்வு வேறு: அங்கே வயது வரம்பும் ஆளை அடையாளம் காணப் படமும் உண்டு, விட்டால் விண்ணப்பமே தள்ளுபடியாகும். தொலைபேசியில் மறுபடி துருவினால் உண்மையைச் சொல்லிவிட்டு, கேட்டவர் பெயரையும் தேதியையும் விளம்பரத்தின் பின்புறம் குறித்து வையுங்கள்.