மூணு மணி பர்மிஷன்: சொல்வதும் விடுபடுவதும்

"அண்ணா, நாளைக்கு மூணு மணிக்குக் கெளம்பிக்கறனுங்க. வயித்துல ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க." காதர்பேட்டையின் மொத்தக் கடைகளில் பர்மிஷன் கேட்பது பெரும்பாலும் இப்படித்தான். விண்ணப்பம் கிடையாது. முதலாளி தலையசைத்தால் முடிந்தது.

இந்த வாய்மொழி வழக்கத்துக்கு ஒரு வலு உண்டு. சீக்கிரம் முடிகிறது. கேட்பவர் முகத்தைப் பார்த்தே முதலாளி முடிவு சொல்கிறார். பக்கத்து மேசைக்காரர், "போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்கிறார். எழுதித்தான் கேட்க வேண்டும் என்றிருந்தால் பலர் பரிசோதனையையே தள்ளிப்போடுவார்கள். இந்த எளிமை காப்பாற்ற வேண்டியது.

குறை, சொல்லப்படும் செய்தியில் இருக்கிறது. ஊழியர் நோயைப் பற்றி எல்லாம் சொல்லிவிடுகிறார். விட்டுப்போகும் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பில் போடுபவர் மூன்று மணிக்குக் கிளம்பும் ஒரு நாளை நினைத்துப் பார்ப்போம். விஜயவாடா பார்ட்டிக்கு 80,000 ரூபாய்ச் சரக்கு அன்று போக வேண்டும். பேக்கிங் முடிந்து உருப்படி எண்ணிக்கை உறுதியாக நான்கு மணி ஆகும். அதற்கு முன் பில் போட முடியாது. வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் வேண்டும். அதன் 'ஏ' பகுதியில் சரக்கு விவரமும் லாரி நிறுவனத்தின் அடையாள எண்ணும் பதிவாக வேண்டும். வண்டி எண் 'பி' பகுதியில் ஏறிய பிறகே சரக்கு லாரியில் வெளியூர் கிளம்பலாம்.

"பாத்துக்கறேன்" என்றவர் கணினியில் உட்காருகிறார். கடவுச்சொல் தெரியும். ஆனால் 2025 ஏப்ரல் முதல் எல்லாக் கடைகளுக்கும் இ-வே பில் தளத்தில் ஓடிபி கட்டாயம். அது வரும் போனோ ஸ்கேன் அறைக்கு வெளியே, அணைத்து வைக்கப்பட்ட நிலையில் பையில் இருக்கிறது. பார்சல் ஆபீசில் புக்கிங் நேரம் முடிகிறது. பேல் கடையிலேயே தங்கிவிடுகிறது. பார்ட்டி போனில் கத்தும்போது பழி ஸ்கேனுக்குப் போனவர்மேல் விழுகிறது. மாற்று ஆள் இருந்தும், வேலையைச் செய்யும் வழி அவர் கையில் இல்லை.

இதற்குத் தீர்வு அதே தளத்தில் இருக்கிறது. கடையின் கணக்குக்குக் கீழே துணைப் பயனர்களைச் சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனி நுழைவுப் பெயர், ஓடிபி அவரவர் போனுக்கே வரும். இதை முன்கூட்டியே செய்துவைப்பது முதலாளியின் பொறுப்பு. ஊழியர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நாளைக்கு மூணு மணிக்குக் கெளம்பறேன், அப்புறம் திரும்ப வரமாட்டேன். விஜயவாடா பில் பாக்கி இருக்கும். பேக்கிங் முடிஞ்சதும் கடைசிக் கணக்கை வாங்கி, பக்கத்து மேசைக்காரர் பில்லும் இ-வே பில்லும் போடுவார். அஞ்சரைக்கு மேல போன் எடுப்பேன்." வாயால் சொன்னதையே கடை வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டால் முதலாளி, மாற்று ஆள், பேக்கிங்காரர் மூவருக்கும் ஒரே செய்தி கிடைக்கும். "ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்" என்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். ஸ்கேனுக்கு நேரம் குறித்துக் கொடுப்பார்கள். முடிவு கைக்கு வரும் நேரத்தை யாரும் குறிப்பதில்லை.

அப்படியானால் நோயை ஏன் இவ்வளவு விளக்குகிறார்கள்? கடைகளுக்குப் பொருந்தும் 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நோய்க்காக ஆண்டுக்கு 12 நாள் விடுப்பு தருகிறது. அது நாள்களை எண்ணுகிறது; இரண்டு மணி நேரத்துக்கு அங்கே கணக்கில்லை. ஆகவே பர்மிஷன் முழுக்க முதலாளியின் மனதைப் பொறுத்ததாகிவிடுகிறது. மனதை இளக்க நோயைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. கர்ப்பப்பைக் கட்டிக்குப் பரிசோதனைக்குப் போகும் பெண், அதைக் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லும் நிலை இதனால்தான் வருகிறது. "ஆஸ்பத்திரியில செக்கப்" என்ற அளவே போதும் என்று முதலாளிகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். வேலை ஏற்பாடு தெளிவாக இருந்தால் நோய் விவரத்துக்கு அவசியமே இல்லை.

"ஆள் ஏற்பாடு பண்ணிட்டுப் போ" என்ற நிபந்தனைக்கும் ஓர் எல்லை உண்டு. கடையில் அது நடக்கும். பனியன் கம்பெனியின் தையல் லைனில் நடக்காது. ஓவர்லாக்கில் பக்கம் அடிப்பவர் எழுந்துபோனால் அவருக்கு முன்னால் பீஸ்கள் குவியும். அடுத்து பாட்டம் மடிப்பவர் சும்மா உட்கார்ந்திருப்பார். பக்கத்து டெய்லரை எழுந்துபோகிறவரால் இழுத்துவர முடியாது. அந்த டெய்லருக்குத் தன் பீஸ் கணக்கு இருக்கிறது. பர்மிஷன் கேட்பவர் செய்யக்கூடியது, காலையிலேயே சூப்பர்வைசரிடம் சொல்வது. மணிக்கு 60 பீஸ் ஓடும் லைனில் இரண்டு மணி நேர இடைவெளிக்கு 120 பீஸ் முன்னால் சேர்த்துவைக்க வேண்டும். மதியம் சொன்னால் அதற்கு நேரமிருக்காது. ஆள் மாற்றுவது சூப்பர்வைசரின் வேலை. அதைத் தொழிலாளி தலையில் கட்டுவது நியாயமில்லை. ஷிப்ட் சம்பளக்காரருக்கு அந்த நேரத்துக்கான கூலியும் போகிறது என்பதை நினைத்தால் இன்னும் நியாயமில்லை.

ஆகவே வாய்மொழி பர்மிஷன் இருக்கட்டும். பாக்கி வேலை என்ன, யார் செய்வார், எதைக் கொண்டு செய்வார் என்ற மூன்றையும் கடை ஊழியர் முந்தின நாளே சொல்லட்டும். முதலாளி அந்த மூன்றை மட்டும் கேட்கட்டும்.