சுவருக்குள் எந்தக் குழாய்?

தமிழ்நாட்டில் இன்று வீடு கட்டும் பிளம்பர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் சொல்கிறார்கள். பச்சைத் தண்ணீருக்குப் பிவிசி, வெந்நீருக்குச் சிபிவிசி. ஜிஐ பைப் பழைய காலத்துச் சமாச்சாரம். கணக்கு எளிது, செலவும் குறைவு. முக்கால்வாசி சரியும்கூட. மீதிக் கால்வாசியில்தான் டைல்ஸை உடைக்க வேண்டிவருகிறது.

ஜிஐ ஒதுக்கப்பட்டதற்குக் காரணம் போர்வெல் தண்ணீர்தான். இரும்பின் மேல் பூசிய துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் காக்கிறது. ஆனால் பிளம்பர் குழாயை வெட்டி, டை வைத்து மரை போடும் இடத்தில் அந்தப் பூச்சு போய்விடுகிறது, சுவரின் கனமும் குறைகிறது. துரு அங்கிருந்துதான் தொடங்கும். உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த தண்ணீரில் உட்புறம் சுண்ணாம்பு படிந்து வழி குறுகும். காலையில் முதலில் திறக்கும் குழாயில் பழுப்பாகத் தண்ணீர் வந்து சிறிது நேரத்தில் தெளிந்தால், உள்ளே துத்தநாகம் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வெந்நீரில் நிலைமை இன்னும் மோசம். ஏறக்குறைய 60 டிகிரிக்கு மேல் போனால், சில வகைத் தண்ணீரில் துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் இடையிலான உறவே தலைகீழாகிறது. காக்க வேண்டிய பூச்சு சும்மா இருக்க, இரும்பு புள்ளி புள்ளியாக அரிபடும். ஹீட்டரின் உள்தொட்டி செம்பாக இருந்தால் அதிலிருந்து கரைந்து வரும் செம்பும் அரிப்பைத் தூண்டும். கையால் தட்டிப் பார்த்தால் கெட்டியாகத் தெரிகிற உலோகம் வெந்நீருக்கு ஏற்றது என்ற பழைய நம்பிக்கை, சுவருக்குள் புதைத்த குழாயைப் பொறுத்தவரை தவறு.

பிவிசிக்குத் துருப் பயம் இல்லை. சூடுதான் பகை. வெப்பம் ஏற ஏற அது தாங்கும் அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். 60 டிகிரியை எட்டும்போது அழுத்தக் குழாயாக அதை நம்ப முடியாது. அதே பிவிசியில் குளோரினைக் கூட்டிச் செய்ததுதான் சிபிவிசி. கூடுதல் குளோரினால் அது இளகும் வெப்பநிலை உயர்கிறது. 80 டிகிரிச் சூட்டிலும் வீட்டுக் குழாயின் அழுத்தத்தைத் தாங்குகிறது, 93 டிகிரி அதன் மேல் வரம்பு. குளியலறை ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால் இது போதும்.

இனி அந்த வழக்கமான கணக்கின் ஓட்டையைப் பார்ப்போம். ஹீட்டருக்குள் போவது பச்சைத் தண்ணீர், ஆகவே உள்ளே போகும் குழாய்க்குப் பிவிசி போதும் என்று விடுகிறார்கள். மேல்தொட்டி காலியாகி, கீழ்த்தளத்தில் யாரோ ஒரு குழாயைத் திறந்தால், ஹீட்டரில் இருக்கும் வெந்நீர் உள்வழியாகவே பின்னோக்கி இறங்கும். இதைத் தடுக்க ஹீட்டரின் உள்வழியில் ஒருவழி வால்வு இருக்கும்; உப்புத் தண்ணீரில் அதில் சுண்ணாம்பு ஒட்டி, மூடாமல் நின்றுவிடுவது சாதாரணம். இன்னொரு வழி, மிக்ஸர் குழாய். மிக்ஸரின் இரண்டு பக்கத்தையும் திறந்துவைத்து, கைஷவரின் முனையில் மட்டும் அடைத்துவிட்டால், அழுத்தம் கூடிய பக்கத்துத் தண்ணீர் குறைந்த பக்கத்துக்குள் புகும். ஹீட்டர் ஓடும்போது அதன் கீழே உள்ள பச்சைத் தண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பாருங்கள். ஹீட்டரிலிருந்து ஓரிரு அடிக்கு அப்பாலும் சூடு தெரிந்தாலோ, பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்ததும் முதலில் வெதுவெதுப்பாக வந்தாலோ, அங்கிருக்கும் பிவிசி இணைப்பு கசியத் தொடங்க நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. ஹீட்டருக்கு நேர் கீழே சுவரில் ஈரம் படர்வது அதன் அடுத்த கட்டம். எனவே குளியலறைச் சுவருக்குள் இரண்டு வழியுமே சிபிவிசியாக இருப்பதுதான் சரி. அங்கே சில மீட்டருக்குப் பிவிசி போட்டு மிச்சமாகும் பணம், ஒரு வரிசை டைல்ஸை மாற்றும் கூலிக்குக் காணாது.

சிபிவிசியையும் கண்ணை மூடிக்கொண்டு புகழ முடியாது. பலர் கவனிக்காத குறை ஒன்று அதன் துவாரம். அரை இன்ச் ஜிஐ நடுத்தர ரகத்தின் உள்விட்டம் சுமார் 16 மில்லிமீட்டர். சிபிவிசியின் அளவு செம்புக் குழாயின் அளவை ஒட்டியது என்பதால், அரை இன்ச்சின் வெளிவிட்டமே 15.9 மில்லிமீட்டர்தான், கனமான ரகத்தில் உள்விட்டம் பன்னிரண்டரைக்கும் சற்றுக் குறைவு. பரப்பளவாகப் பார்த்தால் பழைய வழியில் ஐந்தில் மூன்று பங்கு.

மாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொட்டைமாடியில் ஒரு மீட்டர் மேடை மேல் தொட்டி. மேல்தளத்துக் குளியலறையின் ஷவர், கூரைக்கு ஒரு மீட்டர் கீழே. ஆக, தண்ணீரைத் தள்ளுவது வெறும் இரண்டு மீட்டர் உயரம். பழைய அரை இன்ச் ஜிஐயை எடுத்துவிட்டு அதே அரை இன்ச் என்று சிபிவிசி போட்டால் ஷவரில் நூலாகத்தான் வரும். வீட்டுக்காரர் ஹீட்டரையும் ஷவரையும் குறை சொல்வார். தொட்டியிலிருந்து ஒரு இன்ச்சில் இறக்கி, குளியலறைக்குள் முக்கால் இன்ச்சில் ஓட்டி, குழாய் முனைக்கு மட்டும் அரை இன்ச் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. கீழ்த்தளத்துக்கு இன்னொரு மூன்று மீட்டர் உயரம் கிடைப்பதால் அங்கே இது அவ்வளவாகத் தெரியாது.

அடுத்தது நீட்சி. அதே வீட்டில் ஹீட்டரிலிருந்து சமையலறைக்கு ஆறு மீட்டர் வெந்நீர் வழி போகிறது என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாகும்போது சிபிவிசி சுமார் 14 மில்லிமீட்டர் நீளும். இரும்பு என்றால் இரண்டரை. ஒவ்வொரு குளியலுக்கும் இந்த நீட்சியும் சுருக்கமும் உண்டு. நேர்கோட்டில் ஓட்டி இரு முனையையும் சிமெண்டில் இறுக்கினால் விசையெல்லாம் எல்போவில் போய் நிற்கும். வழியில் ஒரு திருப்பம் விட்டு, கிளாம்ப் குழாயைப் பிடிக்காமல் தாங்குமாறு வைப்பதுதான் தொழில் தெரிந்தவர் செய்வது.

மூன்றாவது, பசை. பிவிசி சொல்யூஷனைச் சிபிவிசியில் தடவி ஒட்டுவது அவசரத்தில் நடக்கிறது. பச்சைத் தண்ணீரில் கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றிப் பார்த்தால் முள் அசையாது, இணைப்பு தேறிவிடும். குடியேறி வெந்நீர் பல மாதம் ஓடிய பிறகுதான் விடும். எந்த டின் திறந்திருக்கிறது என்று வேலை நடக்கும்போதே எட்டிப் பார்ப்பதைத் தவிர இதற்குச் சோதனை இல்லை. மரை இணைப்பில் சணலும் எண்ணெய்ப் பசையும் வைப்பது ஜிஐ காலத்துப் பழக்கம். எண்ணெய் பட்ட சிபிவிசியில் மெல்லிய விரிசல்கள் விழும். அங்கே டெஃப்லான் டேப்பும் பித்தளை மரை பதித்த ஃபிட்டிங்கும் போதும்.

அப்படியானால் ஜிஐக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. ஹீட்டரின் வாயிலிருந்து வரும் முதல் சிறு துண்டு உலோகமாக இருப்பது நல்லது. தெர்மோஸ்டாட் கெட்டால் சூட்டை முதலில் வாங்குவது அதுதான். தோட்டத்தில் தரையிலிருந்து நிற்கும் குழாயைப் பிளாஸ்டிக்கில் வைத்தால் வாளி இடித்தே உடையும். சோலார் ஹீட்டர் இன்னும் கடினம். கோடையில் இரண்டு நாள் யாரும் குளிக்காவிட்டால் தொட்டி 93 டிகிரியைத் தொடக்கூடும், அப்போது சிபிவிசி தொய்யும். அந்த முதல் சில மீட்டருக்கு நான் ஜிஐயையே சொல்வேன். மேலே சொன்ன அரிப்பு அதையும் விடாது. ஆனால் அது மொட்டைமாடியில் கண்ணுக்குத் தெரியும்படி ஓடுகிறது. கசிந்தால் யூனியனைக் கழற்றி அரை நாளில் மாற்றலாம்.

பிவிசிக்கு மிஞ்சுவது சம்பிலிருந்து தொட்டிக்கு ஏறும் வழியும் தோட்டத்துப் பாசனமும். வெயில் படும் இடத்தில் தண்ணீர் கலந்த வெள்ளைப் பெயிண்ட் ஒரு கோட் அடித்தால் வெகுநாள் நிற்கும். குடிக்கும் தண்ணீர் அதில் ஓடுமானால் ஈயம் கலக்காதது என்று அச்சிட்ட குழாயாகக் கேட்டு வாங்க வேண்டும். பிவிசியில் ஈயச் சேர்மானத்தைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு விதிகள் 2021-இல்தான் வந்தன. அதற்கு முந்தைய இருப்பு கடையின் பின்பக்கத்தில் இன்னும் கிடக்கலாம்.