பழையது எல்லாம் குப்பை இல்லை: ஸ்டோரேஜ் சென்ஸ் பற்றி ஒரு விமர்சனம்



"போன மாசம் வரைக்கும் இருந்துச்சு, இப்போ காணோம்!" மடிக்கணினியில் வைத்திருந்த வினாத்தாளைப் பற்றி இப்படிச் சொல்பவர்கள் முதலில் வைரஸைச் சந்தேகிப்பார்கள், அடுத்து வீட்டில் கணினியைத் தொட்ட பிள்ளைகளை. பல நேரங்களில் இருவருமே காரணம் இல்லை. விண்டோசில் இருக்கும் Storage Sense என்ற தானியங்கித் துப்புரவு வேலையைச் செய்து முடித்திருக்கும். 2017-இல் விண்டோஸ் 10-இல் சேர்க்கப்பட்ட இந்த வசதி, எது வேண்டும், எது வேண்டாம் என்று எப்படித் தீர்ப்புச் சொல்கிறது? அந்தத் தீர்ப்பு நம் பள்ளி வேலைக்குப் பொருந்துமா? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் நியாயமாகப் பேசுவோம். இந்த வசதி தற்காலிகக் கோப்புகளை நீக்கும். மறுசுழற்சித் தொட்டியைக் காலி செய்யும். இரண்டும் பயனுள்ளவைதான். Downloads கோப்புறையை அது தொடுவது நாம் அனுமதித்தால் மட்டுமே. அந்த வரியில் தொடக்கத்தில் இருப்பது Never. அதாவது, 'ஒருபோதும் நீக்காதே'. மாற்ற விரும்பினால் 1, 14, 30, 60 நாள் என்று தேர்ந்தெடுக்கலாம்.

அப்படியானால் சிக்கல் எங்கிருந்து வருகிறது? வட்டில் இடமில்லை என்று கணினி எச்சரிக்கும்போது, நாமோ கணினி தெரிந்த ஒருவரோ அந்தப் பக்கத்தைத் திறந்து, Never என்பதை 30 நாளாக மாற்றிவிடுகிறோம். அன்றைக்கு ஒன்றும் காணாமல் போகாமல் இருக்கலாம். அதனால் அந்த மாற்றம் மறந்தே போகும். அமைப்பு மட்டும் மறப்பதில்லை.

என் முதல் குறை இதுதான்: திறக்காத நாள்களை எண்ணி ஒரு கோப்பின் மதிப்பை முடிவு செய்கிறது. ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். சிகாமட்டில் ஓர் ஆசிரியருக்கு ஆகஸ்டு 10-ஆம் தேதி டெலிகிராம் வழியாக எஸ்.பி.எம். தமிழ்மொழி முன்னோட்டத் தேர்வுத் தாள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். திறக்கிறார். தம் வகுப்புக்கு ஏற்ப நான்கு கேள்விகளை மாற்றி, அதே இடத்தில் சேமித்து, அச்சிட்டு, மூடிவிடுகிறார். 30 நாள் என்று அமைத்திருந்தால், செப்டம்பர் 9 தாண்டியதும் அந்தக் கோப்பு நீக்கத் தகுந்தது ஆகிவிடும். அடுத்த முறை துப்புரவு ஓடும்போது அது போய்விடும். இடையில் பள்ளி விடுமுறை வந்து கணினி மூடியே கிடந்தாலும் நாள்காட்டி நிற்காது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கோப்பு இப்போது வெறும் 'பதிவிறக்கம்' இல்லை. ஆசிரியர் கையால் திருத்திய தாள். டெலிகிராமில் மூலத்தாள் மறுபடி கிடைக்கலாம். அவர் மாற்றிய நான்கு கேள்விகள் எங்கேயும் கிடைக்காது. அமைப்புக்கு இந்த வேறுபாடு தெரியாது. Downloads-இல் இருப்பது எல்லாமே வெளியிலிருந்து வந்தது, வேண்டுமானால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில்தான் அது செயல்படுகிறது.

மாணவர்களே, உங்கள் நிலை இன்னும் மோசம். பல மாநிலங்களின் முன்னோட்டத் தாள்களைச் சேர்த்து வைத்து, கடைசி மாதத்தில் செய்யலாம் என்று சிலவற்றைத் திறக்காமலே விட்டிருப்பீர்கள். உங்களுக்குத் 'திறக்காதது' என்றால் இன்னும் செய்ய வேண்டியது. கணினிக்குத் 'திறக்காதது' என்றால் தேவையற்றது. தேர்வுக்கு மிக வேண்டிய தாளே முதலில் போகும்.

இரண்டாவது குறை, விதியே பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. விண்டோஸ் 10-இன் முந்தைய பதிப்புகளில் அந்த வரி, கோப்பு அங்கே எத்தனை நாள் 'இருந்தது' என்று பேசியது. விண்டோஸ் 11-இல் எத்தனை நாள் 'திறக்கப்படவில்லை' என்று பேசுகிறது. பள்ளியில் பழைய கணினி, வீட்டில் புதிய மடிக்கணினி என்று இரண்டையும் பயன்படுத்துபவர் ஒரே 30 நாள் என்று தேர்ந்தாலும் இரண்டு தீர்ப்புகள் கிடைக்கலாம்.

மூன்றாவது, Downloads-ஐக் குப்பையோடு ஒரே வரிசையில் வைத்தது. இது தவறு என்று மைக்ரோசாப்டே ஒரு வகையில் காட்டிவிட்டது. Disk Cleanup என்ற பழைய துப்புரவுக் கருவியின் பட்டியலில் 2018-இல் வந்த 1809 பதிப்பு Downloads-ஐயும் சேர்த்தது. எல்லாக் கட்டங்களையும் டிக் பண்ணிப் பழகியவர்கள் அதையும் சேர்த்து டிக் பண்ணினால் கோப்புகள் போயின. 2020-இல் வந்த 2004 பதிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஸ்டோரேஜ் சென்சில் அது இன்னும் இருக்கிறது.

உங்கள் கணினியில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள, விண்டோஸ் 11-இல் இந்த வழியில் போங்கள்:

```
Settings > System > Storage > Storage Sense
```

Downloads வரியில் Never தவிர வேறு ஏதாவது இருந்தால், அதுதான் பெரும்பாலும் காரணம். இன்னோர் அடையாளமும் உண்டு. புதிய கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, குறிப்பிட்ட நாளுக்கு முந்தையவை மட்டும் இல்லை என்றால், அது மனிதக் கை செய்த வேலை மாதிரித் தெரியவில்லை. கோப்பின் பெயர் தெரிகிறது, பக்கத்தில் மேகச் சின்னம் இருக்கிறது, ஆனால் திறக்க மறுக்கிறது என்றால் கவலை வேண்டாம். அது நீக்கப்படவில்லை, ஒன்டிரைவில் மட்டும் இருக்கிறது. இணையம் இருந்தால் திறக்கும்.

உண்மையிலேயே போயிருந்தால், முதலில் அந்த வரியை Never ஆக்குங்கள். பிறகு அந்த வட்டில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள். மறுசுழற்சித் தொட்டியைப் பாருங்கள், ஆனால் அங்கே இருக்கும் என்று நம்பிவிட முடியாது. அடுத்து, மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் Windows File Recovery. ஒரு பென்டிரைவைச் செருகி (அதன் எழுத்து E என்று கொள்வோம்), நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து இப்படித் தட்டச்சுங்கள்:

```
winfr C: E: /regular /n \Users\guru\Downloads\*.docx
```

guru என்ற இடத்தில் உங்கள் பயனர் பெயரைப் போடுங்கள். மீட்கும் கோப்பு வேறு வட்டில்தான் விழ வேண்டும், அதனால்தான் பென்டிரைவ். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: இன்றைய மடிக்கணினிகளில் இருக்கும் எஸ்.எஸ்.டி. வட்டுகள் நீக்கிய இடத்தைச் சீக்கிரமே உள்ளுக்குள் துடைத்துவிடும். அதனால் நாள் போகப் போக வாய்ப்பு குறையும். பழைய சுழல்வட்டில் நம்பிக்கை கொஞ்சம் அதிகம்.

இந்த வசதியையே அணைத்துவிடலாமா? வேண்டாம். தற்காலிகக் கோப்புகளை அது நன்றாகவே துப்புரவு செய்கிறது. Downloads வரி மட்டும் Never ஆக இருக்கட்டும். திருத்தத் தொடங்கும் தாளை, முதல் எழுத்தை மாற்றுவதற்கு முன்னாலேயே Documents-க்குள் பாடம், ஆண்டு வாரியான ஒரு கோப்புறைக்கு நகர்த்திவிடுங்கள். கணினிக்கான டெலிகிராம், வருவதை எல்லாம் Downloads-க்குள் Telegram Desktop என்ற கோப்புறையில்தான் போடும். உள்கோப்புறை என்பதால் அது பாதுகாப்பாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். அதன் அமைப்பில் சேமிக்கும் இடத்தையும் மாற்றிவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே திறக்கும் ஆண்டிறுதித் தேர்வுத் தாளின் அருமை அதை எழுதிய ஆசிரியருக்குத்தான் தெரியும். அதை நீக்கும் முடிவும் அவர் கையில்தான் இருக்க வேண்டும்.