ஒரே சாய்வு, மூன்று எண்கள்

மென் எஃகின் வரைபடத்தை ரசிப்பவர்கள் அதிகம். சட்டென்று ஒரு மேல்முனை, பிறகு ஒரு சரிவு, பிறகு சமவெளி. ஈல்டு எங்கே என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அந்த மேல்முனை சுமையேற்றும் வேகத்துக்கும், துண்டு கவ்வியில் நேராக நிற்பதற்கும் ஏற்ப மாறும். எனக்கு 6061-T6 அலுமினியம் போதும். அதில் ஈல்டு தானாக முன்வந்து நிற்காது. ஒரு கோடு போட்டுத்தான் அழைக்க வேண்டும்.

12.5 மி.மீ. விட்டமுள்ள துண்டு, குறுக்குப்பரப்பு 122.7 சதுர மி.மீ., கேஜ் நீளம் 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தகைவு 50 மெகாபாஸ்கலில் திரிபு 0.00122, 150-இல் 0.00267. இடைப்பட்ட 100 மெகாபாஸ்கலை 0.00145-ஆல் வகுத்தால் யங் குணகம் 69 கிகாபாஸ்கல். அலுமினியத்துக்கு இதுதான் வர வேண்டும். அடியில் உள்ள வளைவு, துண்டு நிமிர்ந்து பொருந்திய கதை. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நேர்கோட்டைக் கீழே நீட்டினால் அது அச்சை 0.0005-இல் தொடும். அதுதான் உண்மையான பூஜ்யம். 0.002-ஐத் திரையின் பூஜ்யத்திலிருந்து அல்ல, இங்கிருந்து அளக்க வேண்டும். ஆகவே ஆஃப்செட் கோடு 0.0025-இல் தொடங்கி, அதே சாய்வில் ஏறி, 276 மெகாபாஸ்கலில் வளைவை வெட்டுகிறது. அப்போது சுமை ஏறக்குறைய 33.9 கிலோநியூட்டன்.

இந்தக் கோட்டின் பெருந்தன்மை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. சாய்வை 69-க்குப் பதில் 60 என்று படித்தாலும், வெட்டுமிடத்தில் வளைவு ஏறக்குறையப் படுத்துக் கிடப்பதால், ஈல்டு இரண்டு மூன்று மெகாபாஸ்கலுக்கு மேல் நகராது. யங் குணகத்தில் 13 சதவீதப் பிழை, ஈல்டில் ஒரு சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது.

இதைவிட அழகான இடம் ஒன்று உண்டு. எக்ஸ்டென்சோமீட்டர் இல்லாமல் கிராஸ்ஹெட் நகர்வை மட்டும் வைத்து வரைந்தால், எந்திரச் சட்டமும் கவ்விகளும் நீள்வதும் அதில் கலந்துவிடும். சாய்வு 20 கிகாபாஸ்கல் என்று தெரியும். யங் குணகமாக அது குப்பை. ஆனால் எந்திரத்தின் நீட்சியும் சுமைக்கு நேர்விகிதமாக இருக்கும் வரை, இணைகோடு அதையும் சேர்த்தே கழித்துவிடுகிறது. மிஞ்சுவது 0.2 சதவீத நிரந்தரத் திரிபு மட்டுமே. கவ்வி வழுக்காமலும், நகர்வைத் துண்டின் இணைப்பகுதி நீளத்தால் வகுத்துத் திரிபைக் கணக்கிட்டும் இருந்தால், ஈல்டு ஏறக்குறைய அதே 276-இல் வந்து நிற்கும்.

குழாய் எஃகுக்காரர்கள் கோடே வேண்டாம், மொத்தத் திரிபு 0.5 சதவீதத்தில் தகைவைப் படித்தால் போதும் என்பார்கள். எக்ஸ்டென்சோமீட்டர் இருக்கும் எஃகில் அது நன்றாகவே வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன கிராஸ்ஹெட் வரைபடத்தில் அதைச் செய்து பாருங்கள். 20 கிகாபாஸ்கல் சாய்வில் 0.005 திரிபு என்றால் 100 மெகாபாஸ்கல்தான். துண்டு இன்னும் மீள்நிலையிலேயே இருக்கும். எண் மட்டும் அறிக்கைக்குப் போய்விடும்.

நீட்சியிலும் இதே சாய்வு வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. துண்டு 275 மெகாபாஸ்கலில், மொத்தத் திரிபு 15.4 சதவீதத்தில் முறிகிறது என்போம். அந்தப் புள்ளியிலிருந்து அச்சுக்குச் செங்குத்தாக இறங்கக் கூடாது. முதல் கோட்டுக்கு இணையாகவே இறங்க வேண்டும். முறிந்த நொடியில் மீள்திரிபு, அதாவது 275-ஐ 69,000-ஆல் வகுத்த 0.4 சதவீதம், திரும்பிவிடுகிறது. மிச்சம் 15.0. முறிந்த துண்டுகளைப் பொருத்தி, குறியிட்ட 50 மி.மீ.யை அளந்தால் 57.5 மி.மீ. இருக்கும். திரையும் வெர்னியரும் இப்படிக் கைகுலுக்கும்போது வரும் நிறைவுக்காகவே இந்தச் சோதனையைச் செய்யலாம்.

எங்கள் காலத்தில் வரைபடத்தாளில் இரண்டு மூலைமட்டங்களை ஒன்றின்மேல் ஒன்று நகர்த்தி இணைகோடு போடுவோம். நகர்த்துவதற்கு முன் நேர்ப்பகுதி எது என்று கண் தீர்மானித்தாக வேண்டும். இன்று மென்பொருள் அதைத் தானே தேர்ந்துகொள்கிறது. சில சமயம் அடிவளைவையும் சேர்த்தே தேர்கிறது. அலுமினியத்துக்கு யங் குணகம் 22 கிகாபாஸ்கல் என்று அச்சிட்ட அறிக்கையில் கையெழுத்தும் முத்திரையும் பார்த்திருக்கிறேன். அதிலிருந்த ஈல்டு சரியாகவே இருந்திருக்கலாம், இணைகோடு காப்பாற்றியிருக்கும். ஆனால் 22-ஐப் பார்த்தும் யாருக்கும் புருவம் உயரவில்லை என்பதுதான் வலிக்கிறது. எந்த அறிக்கை வந்தாலும் நான் முதலில் படிப்பது ஈல்டை அல்ல, யங் குணகத்தை. ஈல்டு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். திரிபை எங்கிருந்து, எப்படி அளந்தார்கள் என்பதை யங் குணகம் ஒளிக்காமல் சொல்லிவிடும்.