3.3 வோல்ட்டுக்கு எந்த மாஸ்ஃபெட்?

ESP32 போர்டின் ஒரு பின்னைக் கொண்டு 12 வோல்ட் சொலினாய்டு வால்வைத் திறந்து மூட வேண்டும். வால்வின் காயில் 24 ஓம் என்று வைத்துக்கொள்வோம்; அரை ஆம்பியர் இழுக்கும். பின்னோ 3.3 வோல்ட்தான் தரும், அதுவும் சில பத்து மில்லிஆம்பியருக்கு மேல் தாங்காது. ஆகவே நடுவில் ஒரு என்-சேனல் மாஸ்ஃபெட் வேண்டும்: சோர்ஸ் கிரவுண்டில், டிரெயின் வால்வின் கீழ்முனையில், கேட் பின்னில். எந்த மாஸ்ஃபெட் என்று கேட்டால் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் மூன்று: IRFZ44N, IRLZ44N, AO3400A. இவற்றுள் எது தகுதியானது என்பதை டேட்டாஷீட்டின் ஒரே ஒரு வரியை வைத்தே முடிவு செய்துவிடலாம். பலர் அதை விட்டுவிட்டு வேறொரு வரியைப் படிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அவர்கள் படிப்பது VGS(th) என்ற வரி. IRFZ44N-க்கு அது 2 முதல் 4 வோல்ட். ‘2 வோல்ட்டிலேயே திறந்துகொள்ளும், நம்மிடம் 3.3 இருக்கிறது, போதும்’ என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்த வரியின் ஓரத்தில் ஒரு நிபந்தனை அச்சாகியிருக்கிறது: டிரெயின் மின்னோட்டம் 250 மைக்ரோஆம்பியர். அதாவது அந்த வோல்ட்டேஜில் மாஸ்ஃபெட் திறந்துவிடுவதில்லை. மூடிய நிலையிலிருந்து கசியத் தொடங்குகிறது. நம் வால்வுக்குத் தேவையோ அதைப்போல் 2,000 மடங்கு. பார்க்க வேண்டிய வரி RDS(on). முழுதாகத் திறந்தபின் எஞ்சும் தடை எவ்வளவு என்பதை அது சொல்கிறது. அதனருகே கேட் வோல்ட்டேஜ் என்னவென்றும் எழுதியிருக்கும். அந்த வோல்ட்டேஜ் நம் பின் தருவதைவிடக் குறைவாக இருந்தால்தான் தயாரிப்பாளரின் உறுதி நமக்குப் பொருந்தும்.

இந்த வரியில் IRFZ44N உடனே தோற்றுவிடுகிறது. 17.5 மில்லிஓம் என்ற அழகான எண் அதற்கு உண்டு. ஆனால் 10 வோல்ட் கேட்டில் மட்டும். 3.3 வோல்ட்டில் என்ன நடக்கும் என்பது கையில் அகப்பட்ட துண்டைப் பொறுத்தது. ஒன்று திறக்கவே திறக்காது, இன்னொன்று பாதி திறக்கும். பாதி திறப்பதுதான் அதிக ஆபத்து. வால்வில் 6 வோல்ட், மாஸ்ஃபெட்டில் 6 வோல்ட் என்று பிரிந்தால் கால் ஆம்பியர் ஓடும், மாஸ்ஃபெட்டில் 1.5 வாட் சூடாகும். ஹீட்சிங்க் இல்லாத TO-220 உறையில் ஒவ்வொரு வாட்டுக்கும் வெப்பநிலை 62 டிகிரி ஏறும். ஆக அறை வெப்பத்துக்கு மேல் 93 டிகிரி. வால்வும் சரியாகத் திறக்காது. மைக்ரோகன்ட்ரோலருக்கென்றே விற்கப்படும் சிறு சிவப்பு மாட்யூல்களில் இருக்கும் IRF520-க்கும் இதே குறைதான். அதன் தடையும் 10 வோல்ட்டுக்கே உறுதி செய்யப்பட்டது, அதுவும் கால் ஓமுக்குச் சற்று மேல். அந்த மாட்யூலை 3.3 வோல்ட் போர்டுக்கு யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

IRLZ44N-ஐ எடைபோடுவதில் கூடுதல் கவனம் வேண்டும். பெயரில் உள்ள L லாஜிக் லெவலைக் குறிக்கிறது, அது பொய்யில்லை. ஆனால் எந்த லாஜிக்? 5 வோல்ட்டில் 25 மில்லிஓம், 4 வோல்ட்டில் 35 மில்லிஓம் என்று டேட்டாஷீட் உறுதி தருகிறது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. 5 வோல்ட் ஆர்டுயினோ ஊனோவுக்கு இது மிக நல்ல தேர்வு. 3.3 வோல்ட்டில் அரை ஆம்பியர் வால்வை இது பெரும்பாலும் ஓட்டிவிடும் என்பதையும் மறுக்க முடியாது. ஏனெனில் இதன் VGS(th) 2 வோல்ட்டைத் தாண்டாது. டேட்டாஷீட்டின் வளைகோடுகளும் அப்படித்தான் காட்டும். ஆனால் அந்த வளைகோடுகள் வழக்கமான ஒரு துண்டினுடையவை. நாம் வாங்கிய துண்டுக்கு அவை வாக்குறுதி ஆகா. ஒரு பரிசோதனை மேசைக்கு அது போதும். தோட்டத்தில் ஆளில்லாத நேரத்தில் தண்ணீர் திறக்கும் பத்து வால்வுகளுக்குப் போதாது.

AO3400A இங்கேதான் முந்துகிறது. 2.5 வோல்ட் கேட்டிலேயே 48 மில்லிஓமுக்கு மேல் போகாது என்பது உறுதி. அரை ஆம்பியருக்கு அதில் இழப்பது 24 மில்லிவோல்ட், 12 மில்லிவாட். அரிசிமணி அளவே உள்ள SOT-23 உறையில் வாட்டுக்கு 125 டிகிரி என்று எடுத்தாலும் ஏறுவது ஒன்றரை டிகிரிதான். இதன் மீது சொல்லப்படும் குறை, கையால் சால்டர் செய்வது கடினம் என்பது. நியாயமான குறை, சிறு அடாப்டர் பலகையில் ஒட்டிக்கொண்டால் தீர்ந்துவிடும். கவனிக்க வேண்டிய எல்லைகள் வேறு. கேட்டில் 12 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. டிரெயினில் 30 வோல்ட்தான் உச்சம். சுவர் அடாப்டரில் அது போதும், வாகன பேட்டரியில் வரும் எழுச்சிகளுக்குப் போதாது. வால்வுக்கு என் தீர்ப்பு இதுவே: அடாப்டரில் ஓடும் அரை ஆம்பியர் காயிலுக்கு AO3400A, அல்லது 2.5 வோல்ட்டில் 37 மில்லிஓம் உறுதி தரும் IRLML6344.

இதே தீர்ப்பை மோட்டாருக்கு நீட்டினால் தவறாகிவிடும். ஓடும்போது 3 ஆம்பியரும், தொடங்கும் கணத்தில் 10 ஆம்பியரும் இழுக்கும் ஒரு பம்ப்பை எடுத்துக்கொள்வோம். 3 ஆம்பியரில் AO3400A-இல் 0.43 வாட், சூடாகும்போது தடையும் கூடுவதால் 0.65 வரை போகும். 80 டிகிரிக்கு மேல் ஏற்றம். 40 டிகிரி கோடையில் உள்ளிருக்கும் சிலிக்கான் 120-ஐத் தொடும். தொடக்க மின்னோட்டமோ அதன் 5.7 ஆம்பியர் வரம்பையே தாண்டிவிடும்.

பெரிய உறை, சிறிய தடை, 2.5 வோல்ட் உறுதி ஆகிய மூன்றையும் ஒரே துண்டில் தேடி அலைவதைவிட கேட் வோல்ட்டேஜை உயர்த்துவது நல்லது. TC4427 போன்ற கேட் டிரைவர் ஒன்று 2.4 வோல்ட்டையே ‘உயர்’ என்று ஏற்றுக்கொண்டு, தன் 12 வோல்ட் சப்ளையைக் கேட்டுக்குத் தரும். அப்போது மேலே தோற்ற IRFZ44N மீண்டும் தகுதி பெறுகிறது: 3 ஆம்பியரில் 0.16 வாட், பத்து டிகிரி ஏற்றம், டிரெயினில் 55 வோல்ட் வரை இடம். பி.டபிள்யூ.எம். வேகக் கட்டுப்பாட்டுக்கும் டிரைவர்தான் சரி. பின்னின் சிறு மின்னோட்டத்தால் பெரிய கேட்டை வேகமாக நிரப்ப முடியாது. பம்ப் சிக்கி நின்றுவிட்டால் 10 ஆம்பியர் தொடர்ந்து ஓடும். எந்த மாஸ்ஃபெட் போட்டாலும் அங்கே ஃபியூஸ் கட்டாயம்.

இரண்டு சுற்றுகளுக்கும் பொதுவாக இரண்டு பாகங்கள் உண்டு. கட்டுப்படுத்தும் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ESP32 தொடங்கும்போது பின் மிதந்து, வால்வோ பம்ப்போ தானாகவே இயங்கலாம். காயிலுக்கு எதிர்த்திசையில் டயோடு: வால்வுக்கு 1N4007 போதும், பி.டபிள்யூ.எம். மோட்டாருக்கு அதன் முழு மின்னோட்டத்தையும் தாங்கும் ஷாட்கி டயோடு.

பொருத்தியபின் தேர்வு சரியா என்பதை மல்டிமீட்டரே சொல்லிவிடும். வால்வு திறந்திருக்கும்போது டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே அளக்க வேண்டும். AO3400A-இல் சில பத்து மில்லிவோல்ட் காட்டினால் முழுதாகத் திறந்திருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் கேட்டுக்கு வோல்ட்டேஜ் போதவில்லை, அல்லது கையில் இருப்பது வாங்கிய பெயருக்குரிய துண்டு அல்ல.