வணிக அறிக்கையில் முதலெழுத்துச் சுருக்கங்கள்

கம்பெனிகளின் ஆண்டறிக்கையை ஆங்கிலத்தினின்று தமிழுக்குக் கொணர்வோர், முதலெழுத்துச் சுருக்கங்களைப் பொறுத்தமட்டில் பெரும்பாலும் கைக்கொள்ளும் சம்பிரதாயம் ஒன்று உண்டு. முதன்முறை வருமிடத்தில் 'சரக்கு மற்றும் சேவை வரி' என்று முழுப் பெயரையும் விரித்துரைத்துவிட்டு, அதன்பின் வரும் இடங்களிலெல்லாம் ஆங்கில எழுத்துகளின் ஒலியையே தமிழ் லிபியில் 'ஜி.எஸ்.டி.' என்று எழுதிச் செல்வதே அது.

இதன் அனுகூலம் வெளிப்படை. அவ்வரி 2017 ஜூலை முதல் நாள் அமலுக்கு வந்தது தொட்டு மளிகைக் கடைக்காரரும் ஜி.எஸ்.டி. என்றே வழங்கிவருகையில், 'ச.சே.வ.' என்று புதிதாகச் சமைத்த சுருக்கம் எத்தனை தூய தமிழாயினும் எவருக்கும் பொருள்படாது. மேலும் 'ஜி.எஸ்.டி.யை', 'ஜி.எஸ்.டி.க்கு' என வேற்றுமை உருபுகளும் தடையின்றி ஒட்டிக்கொள்கின்றன.

ஆயினும், தமிழ் அறிக்கை மீண்டும் ஆங்கிலத்துக்குப் போக நேரும்போதுதான் இம்முறையின் தோஷம் புலனாகும். ஆங்கில அரிச்சுவடியின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் தமிழில் 'பி' என்ற ஒரே உருவைப் பெறுகின்றன. நான்காவதும் இருபதாவதும் அவ்வாறே 'டி' ஆகிவிடுகின்றன. அயல்நாட்டுக் கம்பெனிகளின் கணக்கு வேலையை ஏற்றுச் செய்துகொடுக்கும் ஒரு நிறுவனத்தின் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். அதன் தொழிலுக்கு வழங்கும் பெயர் பி.பி.ஓ.; அதன் ஓய்வுபெற்ற ஊழியருக்கு வருங்கால வைப்பு நிதி அலுவலகம் வழங்கும் ஓய்வூதிய ஆணையும் பி.பி.ஓ. ஆங்கிலத்தில் முதலெழுத்தால் வேறுபட்டு நின்ற இவ்விரண்டும் தமிழில் ஒன்றாகிவிடுவதால், 'பி.பி.ஓ. தாமதம்' என்ற அட்டவணைத் தலைப்பைக் காணும் இரண்டாம் மொழிபெயர்ப்பாளர், ஓய்வூதியக் குறையைத் தொழிற்பிரிவின் குறையாக எழுதிவிட இடமுண்டு. இவற்றுள் அருகி வருவதாகிய ஓய்வூதிய ஆணையை எவ்விடத்தும் விரித்தே எழுதுவதும், பிற சுருக்கங்களின் ரோமன் வடிவை அறிக்கையின் இறுதியில் ஓர் அட்டவணையாகத் தருவதும் இதற்குப் பரிகாரமாகும்.

எல்லாச் சுருக்கத்தையும் காப்பாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. வங்கிகளின் என்.பி.ஏ.வுக்கு 'வாராக்கடன்' என்ற சொல் நிலைபெற்றுவிட்டமையால், சுருக்கம் அங்கே வீண்சுமை. ஆனால் தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும் பதினைந்து குறிகள் கொண்ட ஜி.எஸ்.டி. பதிவெண், கணினியில் தட்டிச் சரிபார்க்கப்படுவதாதலால், அதன் ரோமன் எழுத்துகளை ஒலிபெயர்த்தல் ஆகாது.

எதிர்த்திசையிலும் சங்கடம் உண்டு. தமிழ் அரசாணையின் எண்ணுக்கு முன் அடைப்புக்குறிக்குள் நிற்கும் 'நிலை' என்பதை அகராதி கொண்டு பெயர்த்தால், ஆங்கிலக் கோப்பில் அவ்வாணையைத் தேடுபவருக்கு அது அகப்படாது; ஆங்கில ஆணை அவ்விடத்தில் 'எம்.எஸ்.' என்ற எழுத்துகளையே தாங்கி நிற்கிறது. ஆகவே, வாசகருக்குப் புரிகிறதா என்று மட்டும் பார்த்த பழைய சம்பிரதாயத்தோடு, மூலத்தை மீட்டெடுக்க இயலுமா என்ற சோதனையையும் சேர்த்துக்கொள்வதே தக்கது என்பது என் அபிப்பிராயம்.