மூலைச் சுவரும் ஓவியத்தின் ஆழமும்

ஜொகூர் பாருவில் 2013ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு கட்டடத்தின் மூலையில் எழுதப்பட்ட சுவரோவியம் சில நாள்களே நின்றது. எழுதியவர் லித்துவேனிய நாட்டு ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச். ஒரு பக்கச் சுவரில், லெகோ விளையாட்டுப் பொம்மை உருவில் ஒரு பெண் விலையுயர்ந்த கைப்பையுடன் மூலையை நோக்கி வருகிறாள். மறுபக்கச் சுவரில், அதே பொம்மை உருவில் கத்தி ஏந்திய கள்வன் ஒருவன் காத்து நிற்கிறான். ஊரின் வழிப்பறியைச் சுட்டுகிறதென்று நகராண்மைக் கழகத்தார் அதன்மேல் வெள்ளை பூசிவிட்டனர். அன்று எழுந்த பேச்செல்லாம் ஓவியத்தின் பொருளைப் பற்றியதே. அதன் அமைப்பை ஆராய்ந்தார் சிலரே. எம் கருத்தில் அமைப்பே சிறந்தது.

தட்டையான பரப்பில் ஆழம் காட்டும் கலைக்கு ஓர் அடிப்படை விதி உண்டு. பார்ப்பவன் கண் ஓரிடத்தில் நிற்கிறது; சுவரை ஒரு கண்ணாடியாகக் கொண்டு, அதன் அப்பாலுள்ள பொருள்களிலிருந்து கண்ணுக்கு வரும் கோடுகள் கண்ணாடியை எங்கே தொடுகின்றனவோ அங்கே எழுத வேண்டும். சுவரிலிருந்து 10 அடி தள்ளி நிற்பவனுக்கு, சுவருக்கு அப்பால் 10 அடியில் இருப்பதாகக் காட்டும் தூண் பாதி உயரமாகும். 30 அடியில் இருப்பது கால் பங்காகும். இணையாக ஓடும் கோடுகள் அவன் கண் மட்டத்தில் ஒரு புள்ளியில் கூடும்.

இவ்விதியிலேயே இதன் குறையும் அடங்கியிருக்கிறது. அதே மனிதன் சுவரை ஒட்டி 5 அடி வலப்புறம் நடக்கட்டும். உண்மையான தாழ்வாரமாயின், 30 அடிக்கு அப்பாலுள்ள அதன் கடைக்கோடி, சுவர்ப் பரப்பில் அவனோடு கூடவே மூன்றேமுக்கால் அடி நகர்ந்து தோன்றும். எழுதிய தாழ்வாரமோ எழுதிய இடத்திலேயே நிற்கும். அந்த மூன்றேமுக்கால் அடிப் பிழை கண்ணை ஏமாறவிடாது. சுவருக்கு அப்பால் ஓரடி ஆழம் மட்டும் காட்டியிருந்தால் பிழை ஐந்தரை அங்குலம்தான். கண் அதைப் பெரிதும் பொறுத்துக்கொள்ளும்.

ரோமாபுரியில் புனித இக்னேசியர் கோயிலில் அந்திரேயா போசோ 1685இல் தட்டைத் துணியில் ஒரு பெரிய குவிமாடத்தை எழுதினார். எங்கே நின்று பார்க்க வேண்டுமென்று தரையில் ஒரு கல்வட்டமும் பதித்திருக்கிறது. வட்டத்தை விட்டு விலகினால் மாடம் சாய்ந்துவிடும். கோயிலுக்குள் வருவோரை ஓரிடத்தில் நிற்கச் சொல்லலாம். ஐந்தடி நடைபாதையில் மீன்கூடையோடு போகிறவரை யார் நிறுத்துவது? இக்காலத்து முப்பரிமாணச் சித்திரக்கூடங்களில் தரையில் பாதக்குறி இடுவதும் இதற்காகவே. அங்கே உண்மையில் ஏமாறுவது மனிதனின் இரு கண்களல்ல, புகைப்படக் கருவியின் அசையாத ஒற்றைக் கண்.

சக்காரெவிச் இத்தொல்லையை அறிந்தவர் என்றே தோன்றுகிறது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஆர்மேனியன் தெருவில் 2012இல் அவர் எழுதிய இரு சிறார் ஓவியத்தில், மிதிவண்டி மெய்யானது, சுவரிலே பொருத்தியது. பிள்ளைகள் மட்டுமே வண்ணம். ஆழத்தைச் சுவருக்கு அப்பால் தேடாமல் சுவருக்கு இப்பால் கொண்டுவந்தார். காண்பவர் நகர்ந்தால் மிதிவண்டி மெய்ப்பொருள் நகர வேண்டியவாறே நகர்ந்து தோன்றும். வெயிலில் அதன் நிழலும் மெய்ந்நிழலே. பிள்ளைகளின் ஆழமோ சிறிது. ஆகவே பிழையும் சிறிது.

ஜொகூர் ஓவியத்தில் ஒட்டுப்பொருளும் இல்லை. ஆழத்தை எழுதவே இல்லை என்று சொல்லிவிடலாம். கட்டடத்தின் மூலையே அதைத் தந்தது. பெண்ணுக்குக் கள்வன் மறைவாயிருக்க வேண்டும். ஒரே தட்டைச் சுவரில் எழுதியிருந்தால், இடையில் ஒரு மூலையை வரைந்து, கோடுகளைச் சாய்த்து, பார்க்கும் இடத்தையும் குறித்தாக வேண்டும். சில அடி விலகினால் அந்த மூலை பொய்யாய்விடும். இங்கே மூலை செங்கல்லால் ஆனது. காண்பவர் எங்கு நடந்தாலும் அது மூலையாகவே இருக்கும். இரு சுவரும் தெரியும் எந்த இடத்திலும் கதை நடக்கும்.

உருவத் தேர்வும் இதற்குத் துணைசெய்தது. அப்பொம்மை நான்கு சென்டிமீட்டர் உயரமுள்ளது. அதன் கட்டையான உடலைக் கையில் பிடித்தறியாத பிள்ளைகள் குறைவு. கை முன்பே அறிந்த திரட்சியைக் கண் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். மனித முகத்தை எழுதியிருந்தால், பக்கவாட்டில் பார்க்குங்கால் முகம் ஒடுங்கியிருப்பது உடனே தெரிந்துவிடும்.

ஒரு குறை சொல்லலாம்: ஒரு சுவர் மட்டும் தெரியும் இடத்திலிருந்து பார்ப்பவர்க்கு அது வெறும் பொம்மைப் படம். இதை நாம் குறையாக எண்ணவில்லை. பெண்ணின் பக்கமாக நடந்து வந்தவர்க்குக் கள்வன் தெரியவே மாட்டான். மூலை திரும்பிய பின்னரே தெரிவான். அதாவது, அவர் அப்பெண் இருந்த நிலையிலேயே இருந்தார். வெள்ளை பூசியபின் எஞ்சியிருக்கும் புகைப்படங்களில் இது காணக் கிடைப்பதில்லை. அவற்றை எடுத்தவர்கள் மூலைக்கு நேர் எதிரே நின்றதால், இருவரும் ஒருங்கே தெரிகின்றனர். செங்கல் மூலையும் தாளில் ஒரு நேர்க்கோடாகிவிட்டது.